ஆப் சொல்வது 5:54, நான் போட்டது 5:52: எது சரி?

கேள்வி: வணக்கம் சார். ஓடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன ஞாயிறு 10.4 கி.மீ. ஓடினேன். போய்த் திரும்பும் பாதை, ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. ஆப்பில் லேப் 2 கி.மீ. என்று வைத்திருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த நேரங்கள்: 11:10, 11:24, 11:46, 12:18, 12:56, கடைசி 0.40 கி.மீ. மட்டும் 2:10. நான்காவது லேப்பில் தண்ணீர் குடிக்க நின்றேன். முதலில் கால்குலேட்டரில் 11.24-ஐ இரண்டால் வகுத்தேன், 5.62 வந்தது. 62 வினாடி என்று ஒன்று உண்டா? பிறகு நண்பர் உதவியோடு ஆறு லேப்புக்கும் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆன நேரம், கண்டுபிடித்துச் சராசரி எடுத்தால் 5:52. ஆப் 5:54 என்கிறது. லேப் நேரங்களைக் கூட்டி வகுத்தால் 5:56 வருகிறது. ஆப்பின் மேலே மொத்த நேரம் 1:01:24 என்று இருக்கிறது, ஆனால் லேப்களைக் கூட்டினால் 1:01:44. எதை நம்புவது? கடைசியில் எவ்வளவு தொய்ந்தேன் என்று எப்படிக் கணக்கிடுவது? ஆறு வாரத்தில் 10 கி.மீ. போட்டி இருக்கிறது, 58 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை.

பதில்: வணக்கம். உங்களுக்குக் கிடைத்த மூன்று விடைகளில் இரண்டு சரி. 5:56 என்பது நீங்கள் கிளம்பியதிலிருந்து நிறுத்தியது வரை, தண்ணீர் குடித்த நேரத்தையும் சேர்த்து. 5:54 என்பது கால் நகர்ந்துகொண்டிருந்த நேரத்துக்கு மட்டும். 5:52 மட்டும்தான் தவறு. அது எங்கே நுழைந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த 62 வினாடியைத் தீர்த்துவிடலாம். என்னிடம் ஓட வருகிறவர்களில் பாதிப் பேராவது ஒருமுறை அதில் தடுக்கி விழுந்தவர்கள்தான்.

11:24 என்பதில் இருக்கும் அந்த இரட்டைப் புள்ளியைப் பதின்மப் புள்ளியாகப் படித்ததுதான் சிக்கல். நிமிடத்துக்கு 60 வினாடி, ஆனால் கால்குலேட்டருக்கு ஒன்று என்றால் நூறு பங்கு. 11 நிமிடத்தைப் பாதியாக்கினால் ஐந்தரை நிமிடம், அதாவது 5 நிமிடம் 30 வினாடி. கால்குலேட்டர் அதை 5.50 என்று சொல்லும். அங்கேயே 20 வினாடி கூடுதலாக ஏறிவிடுகிறது. மீதி 24 வினாடியின் பாதி 12. ஆக உண்மையான விடை 5:42, கால்குலேட்டர் சொன்னது 5.62. வித்தியாசம் அதே 20.

62 என்று வந்தது உங்கள் அதிர்ஷ்டம். அதனால்தான் சந்தேகப்பட்டீர்கள். முதல் லேப்பை இதே மாதிரி வகுத்திருந்தால் 11.10-இன் பாதி 5.55 வந்திருக்கும். பார்க்க அப்பாவியாக இருக்கும், 5 நிமிடம் 55 வினாடி என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள். உண்மையில் அந்த லேப்பின் பேஸ் 5:35. இன்னும் வேடிக்கை, உங்கள் நான்காவது, ஐந்தாவது லேப்களுக்கு இதே தவறான வழி சரியான விடையைத் தருகிறது: 12.18-இன் பாதி 6.09, 12.56-இன் பாதி 6.28. நிமிடம் இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்கும்போது மிச்சம் நிற்பதில்லை, அதனால் தவறும் எட்டிப் பார்ப்பதில்லை. விளைவு என்ன தெரியுமா? வேகமாக ஓடிய முதல் மூன்று லேப்களும் காகிதத்தில் 20 வினாடி மெதுவாகத் தெரியும், மெதுவாக ஓடிய கடைசி லேப்கள் உள்ளபடி தெரியும். முதல் லேப்புக்கும் ஐந்தாவது லேப்புக்கும் இடையே உண்மையில் கிலோமீட்டருக்கு 53 வினாடி இடைவெளி. அந்தக் கணக்கில் அது 33 ஆகச் சுருங்கிவிடும். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் தொய்வையே அது மறைத்துவிடும்.

எனவே எப்போதும் வினாடிக்கு மாற்றிவிட்டு வகுங்கள். 11 × 60 = 660, கூட 10, மொத்தம் 670 வினாடி. தூரம் 2, வகுத்தால் 335. 335-இல் ஐந்து அறுபது போக மிச்சம் 35. பேஸ் 5:35. உங்கள் லேப்கள் எல்லாவற்றையும் இப்படிப் போட்டால் வருவது இது:

| லேப் | தூரம் (கி.மீ.) | நேரம் | வினாடி | பேஸ் |
|---|---|---|---|---|
| 1 | 2.00 | 11:10 | 670 | 5:35 |
| 2 | 2.00 | 11:24 | 684 | 5:42 |
| 3 | 2.00 | 11:46 | 706 | 5:53 |
| 4 | 2.00 | 12:18 | 738 | 6:09 |
| 5 | 2.00 | 12:56 | 776 | 6:28 |
| 6 | 0.40 | 2:10 | 130 | 5:25 |

இனி உங்கள் 5:52. ஆறு பேஸையும் கூட்டி ஆறால் வகுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் கடைசி 400 மீட்டருக்கும் ஒரு ஓட்டு, 2 கிலோமீட்டர் ஓடிய லேப்புக்கும் ஒரு ஓட்டு. மொத்தத் தூரத்தில் அந்த 400 மீட்டர் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை, உங்கள் சராசரியிலோ அதற்கு ஆறில் ஒரு பங்கு இடம். அதுவும் நீங்கள் கடைசியில் பாய்ந்து ஓடிய 5:25. அது மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. முதல் ஐந்து லேப்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டிருந்தால் தவறே வந்திருக்காது, ஏனென்றால் ஐந்தும் ஒரே தூரம். லேப்களின் தூரம் மாறுகிறது என்றால் ஒரே வழிதான்: மொத்த வினாடியை மொத்தக் கிலோமீட்டரால் வகுப்பது. 3704-ஐ 10.4-ஆல் வகுத்தால் 356, அதாவது 5:56.

எக்செலில் போடுவதாக இருந்தால் அங்கே ஒரு பொறி உண்டு. 11:10 என்று தட்டினால் அது 11 மணி 10 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டால் வகுத்தால் 5:35 என்றே காட்டும், நாமும் சரி என்று விட்டுவிடுவோம். கூட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்: உங்கள் ஆறு நேரத்தின் கூட்டுத்தொகை 61:44 வர வேண்டிய இடத்தில் 13:44 என்று நிற்கும், 48 மணி நேரம் இரண்டு நாளாகக் கணக்காகி மறைந்துவிடும். முன்னால் ஒரு சுழியம் சேர்த்து 0:11:10 என்று தட்டுங்கள். தூரம் A பத்தியிலும் நேரம் B பத்தியிலும் இருந்தால் லேப் பேஸுக்கு முதல் வரி, மொத்தச் சராசரிக்கு இரண்டாவது:

```
=B2/A2
=SUM(B2:B7)/SUM(A2:A7)
```

விடை வரும் கட்டங்களுக்கு [m]:ss என்ற வடிவம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து அந்த 20 வினாடி. லேப்களின் கூட்டுத்தொகை 1:01:44, மேலே இருப்பது 1:01:24. நீங்கள் நின்றபோது கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆப் அந்த நேரத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. திரையில் Moving Time, Elapsed Time என்று இரண்டு பெயர்கள் எங்காவது இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் ஒன்றுதான் விழுந்திருக்கும். உங்கள் ஆப் மேலே போட்டது Moving Time, லேப் பட்டியலில் போட்டது Elapsed Time. ஒரே திரையில் இரண்டையும் கலந்து காட்டுவது எனக்கும் பிடிக்காத பழக்கம்தான், ஆனால் நடக்கிறது. 3684 வினாடியை 10.4-ஆல் வகுத்துப் பாருங்கள், ஆப்பின் 5:54 அப்படியே வரும்.

எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டியில் யாரும் உங்களுக்காகக் கடிகாரத்தை நிறுத்தப் போவதில்லை, அங்கே நின்றதும் ஓட்டத்தில் சேர்த்தி. ஆகவே "எவ்வளவு நேரத்தில் முடித்தேன்" என்ற கேள்விக்கு 5:56. ஆனால் "எங்கே தொய்ந்தேன்" என்ற கேள்விக்கு நின்ற நேரத்தைக் கழித்தே ஆக வேண்டும். நிற்பது தொய்வு கிடையாது. இதைக் கழிக்காமல் பார்த்தால் உங்கள் ஓட்டம் வேறு ஒரு கதையைச் சொல்லும், அதுவும் நம்பும்படியாகச் சொல்லும்.

பட்டியலில் உள்ளபடி பாருங்கள். லேப்புக்கு லேப் பேஸ் கூடியது 7 வினாடி, 11, 16, 19. அழகான படிக்கட்டு. இதைப் பார்க்கும் யாரும், ஆறாவது கிலோமீட்டரிலிருந்தே சீராகச் சரிந்துவிட்டார் என்றுதான் சொல்வார்கள். இப்போது நான்காவது லேப்பில் 20 வினாடியைக் கழியுங்கள். 738 போய் 718 ஆகிறது, பேஸ் 6:09 போய் 5:59. படிகள் இப்போது 7, 11, 6, 29. படிக்கட்டைக் காணோம். எட்டாவது கிலோமீட்டர் வரை மெல்ல இறங்கி, அதற்குப் பிறகு ஒரே விழுகை. அதுவும் தண்ணீர் குடித்து 20 வினாடி மூச்சு வாங்கிய பிறகும்.

இரண்டு படத்துக்கும் மருந்து வேறு. தொடக்கத்திலிருந்தே சமமாகச் சரிகிற ஓட்டம் என்றால் அந்தப் பேஸ் உங்கள் உடல் தகுதிக்கு மேலே இருக்கிறது என்று பொருள், இலக்கைத்தான் குறைக்க வேண்டும். நெடுநேரம் பிடித்து நின்று ஒரே இடத்தில் உடைகிற ஓட்டம் என்றால் இலக்கு சரியாகவே இருக்கலாம், பங்கீடுதான் தவறியிருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

அதற்கு முன் தொய்வின் அளவு. வழக்கமாக முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிடுவார்கள். இரண்டாம் பாதி அதிக நேரம் எடுத்தால் பாசிட்டிவ் ஸ்ப்ளிட், குறைவாக எடுத்தால் நெகட்டிவ் ஸ்ப்ளிட். (பெயரைக் கேட்டால் பாசிட்டிவ்தான் நல்லது போலத் தோன்றும், இங்கே நிலைமை தலைகீழ்.) உங்கள் லேப் 2 கி.மீ. என்பதால் 5 கி.மீ. கோடு மூன்றாவது லேப்பின் நடுவில் விழுகிறது. அந்த லேப்பைச் சரிபாதியாகப் பிரிக்கலாம்தான், ஆனால் அது ஊகம். ஊகமே வேண்டாம் என்றால் நடு லேப்பை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு லேப்பையும் நான்கு, ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரு பக்கமும் 4 கி.மீ. முதல் பக்கம் 1354 வினாடி. இரண்டாவது பக்கம் நின்றதைக் கழித்து 1494. வித்தியாசம் 140 வினாடி, கிலோமீட்டருக்கு 35. நூற்றுக்கணக்கில் 140-ஐ 1354-ஆல் வகுத்தால் 10.3 சதவீதம்.

கடைசி 0.40-ஐ இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். அது வேறு ஓட்டம். முடிவுக் கோடு கண்ணில் பட்டதும் பாய்வது இரண்டு நிமிட வேலை, அந்தப் பாய்ச்சலை வைத்து முந்தைய இரண்டு கிலோமீட்டரை வேகமாக ஓடியிருக்க முடியும் என்று சொல்லிவிட முடியாது. தவிர, இவ்வளவு குட்டி லேப்பின் பேஸை நம்பவும் முடியாது. ஜிபிஎஸ் 10 மீட்டர் பிசகினால் 0.40 என்பது உண்மையில் 0.39 ஆகவோ 0.41 ஆகவோ இருக்கும். அப்போது பேஸ் 5:33 முதல் 5:17 வரை எதுவாகவும் இருக்கலாம். அதே 10 மீட்டர் பிசகு 2 கி.மீ. லேப்பில் வந்தால் கிலோமீட்டருக்கு 2 வினாடிகூட மாறாது. குட்டி லேப்பில் வரும் நல்ல எண்ணைப் பார்த்து மகிழ்ந்துகொள்ளுங்கள், கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

10.3 சதவீதம் என்பது பெரிய தொய்வுதான். சமதளத்தில் ஓடிய 10 கிலோமீட்டரில் 2 சதவீதத்துக்குள் இருந்தால் நான் பேசாமல் இருப்பேன். 5 வரை போனால் தொடக்கத்தைக் கொஞ்சம் அடக்கச் சொல்வேன். அதற்கு மேல் என்றால் முதல் லேப்பைத்தான் முதலில் விசாரிப்பேன். இது என் கைக்கணக்கு, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் போய்த் திரும்பும் பாதையில் ஓடியதால் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். போகும்போது காற்று முதுகைத் தள்ளி, திரும்பும்போது முகத்தில் அடித்திருந்தால், அல்லது கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்று இருந்தால், கால் தொய்யாமலேயே இரண்டாம் பாதி மெதுவாகும். ஆனால் அப்படி இருந்தால் மாற்றம் திரும்பும் இடத்தில், அதாவது 5.2 கி.மீ.யில், ஒரே தாவலாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது லேப் கொஞ்சம் கெட்டு, நான்காவதும் ஐந்தாவதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும். உங்களுக்கு உடைந்தது எட்டுக்கு மேல், திரும்பிக் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் கடந்த பிறகு. ஆகவே காற்றின் மேல் பழி போட முடியாது. லேப் பட்டியலில் இதயத் துடிப்புக்கு ஒரு பத்தி இருந்தால் அதையும் பாருங்கள். பேஸ் விழ விழத் துடிப்பு ஏறிக்கொண்டே போயிருந்தால் உடல் உண்மையிலேயே திணறியிருக்கிறது. பேஸோடு சேர்ந்து துடிப்பும் இறங்கியிருந்தால் கால் மறுத்திருக்கலாம், அல்லது மனம் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

சரி, 58 நிமிடத்துக்கு வருவோம். 58 நிமிடம் என்பது 3480 வினாடி, கிலோமீட்டருக்கு 348, அதாவது 5:48. இரண்டு கிலோமீட்டர் லேப் என்றால் 11:36, வினாடியில் 696. இப்போது உங்கள் லேப்களை இந்த 696-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நின்றதைக் கழித்துவிட்டு. முதல் லேப்பில் 26 வினாடி மிச்சம். இரண்டாவதில் 12 மிச்சம். மொத்தம் 38 வினாடி கையில். மூன்றாவது லேப்பில் 10 போனது, நான்காவதில் 22 போனது. ஐந்தாவதில் மட்டும் 80 போனது. 38 வினாடி சேர்த்துவிட்டு 112 வினாடியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். 10 கி.மீ. கோட்டில் 58 நிமிடத்துக்கு 74 வினாடி பின்னால் இருந்தீர்கள்.

இதில் நான் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டது ஒன்று உண்டு. முதல் நான்கு லேப்களின் கூட்டுத்தொகை, நின்றது போக, 2778 வினாடி. எட்டால் வகுத்தால் 347. கிலோமீட்டருக்கு 5:47. நீங்கள் ஆசைப்படும் பேஸிலேயே எட்டு கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டீர்கள்! ஆனால் 5:35, 5:42, 5:53, 5:59 என்று ஏணியில் இறங்குவது போல ஓடினீர்கள். இதே எட்டு கிலோமீட்டரை 5:48, 5:48 என்று தட்டையாக ஓடியிருந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குக் காலில் ஏதோ மிஞ்சியிருக்கும். எவ்வளவு மிஞ்சும் என்பதை இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சொல்ல முடியாது. நடுவில் 20 வினாடி ஓய்வும் இருந்திருக்கிறது, அதையும் மறக்கக் கூடாது.

ஆகவே ஒரு சோதனை ஓட்டம் வையுங்கள். போட்டிக்கு இரண்டு அல்லது மூன்று வாரம் முன்னால், அதே பாதையில், நிற்காமல் 8 கி.மீ. முதல் 2 கிலோமீட்டரை 11:40-இல் கடக்க வேண்டும், அதற்கு முன்னால் கடக்கவே கூடாது. ஞாயிறு ஓடியதைவிட இது 30 வினாடி மெதுவாக இருக்கும், தொடக்கத்தில் ஏதோ தவறு செய்கிறோம் என்றே தோன்றும். பரவாயில்லை, தோன்றட்டும். பிறகு 5:48-இல் பிடியுங்கள். ஓடுவதற்கு முன் ஆப்பில் லேப்பை 1 கி.மீ. என்று மாற்றிவிடுங்கள். 2 கி.மீ. லேப்பில் உள்ளே நடப்பது தெரிவதில்லை. உங்கள் ஐந்தாவது லேப்பின் 6:28 என்பது இரண்டு கிலோமீட்டரும் 6:28 ஆகவும் இருக்கலாம், ஒன்பதாவது 6:08, பத்தாவது 6:48 ஆகவும் இருக்கலாம். எட்டில் உடைந்ததா ஒன்பதில் உடைந்ததா என்பது இப்போது தெரியாது, அது தெரிந்தால் பயிற்சியே மாறும்.

அந்த ஓட்டத்தில் ஐந்து முதல் எட்டு வரையிலான நான்கு கிலோமீட்டர்களும் 5:48-ஐ ஒட்டி, ஐந்தாறு வினாடிக்குள் நின்றால் 58 கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தட்டையாகத் தொடங்கியும் ஆறிலேயே 5:55, ஏழில் 6:02 என்று வழுக்கத் தொடங்கினால் பங்கீட்டின் மேல் குற்றமில்லை, 58 இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அப்போது போட்டிக்கு 59 என்று வைத்துக்கொள்ளுங்கள், கிலோமீட்டருக்கு 5:54.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, ஸ்கிரீன்ஷாட் யாருடையதாக இருந்தாலும் பேஸுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்தைப் படித்துவிடுங்கள். பல வருடத்துக்கு முன் ஒருவர் 9:20 என்று காட்டும் படத்தை அனுப்பினார். ஏன் இவ்வளவு மெதுவாக ஓடினீர்கள், காய்ச்சலா என்று கேட்டு நீளமாகப் பதில் போட்டேன். /mi என்று ஓரத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அது மைல் கணக்கு. ஒரு மைல் 1.609 கி.மீ., 560 வினாடியை அதால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5:48. உங்கள் இலக்குப் பேஸ்! அவர் அன்று நன்றாகவே ஓடியிருந்தார். அதேபோல் சில திரைகளில் ஸ்ப்ளிட் என்ற பத்தியில் தொடக்கத்திலிருந்து கூட்டிய நேரம் இருக்கும், 11:10, 22:34, 34:20 என்று ஏறிக்கொண்டே போகும். அப்படி இருந்தால் முந்தைய வரியைக் கழித்த பிறகுதான் அது லேப் நேரம்.

போட்டி நாளுக்கு ஒன்றே ஒன்று. முறையாக அளந்த போட்டிப் பாதை, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு வளைவையும் உள்பக்கமாக ஒட்டி. கூட்டத்தில் யாரும் அப்படி ஓட முடியாது, ஜிபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் கோணலாகப் போகும். எனவே முடிவுக் கோட்டில் உங்கள் கடிகாரம் 10.10 கி.மீ. என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். கடிகாரம் தான் நினைக்கும் தூரத்தால்தான் நேரத்தை வகுக்கிறது. 3480-ஐ 10.1-ஆல் வகுத்தால் 344.6, ஏறக்குறைய 5:45. கடிகாரத்தில் 5:48 என்று பார்த்துக்கொண்டே ஓடினால் 58 நிமிடம் 35 வினாடிக்கு முடிப்பீர்கள், எங்கே தவறினோம் என்றும் புரியாது. அதனால் அன்று தானாக விழும் லேப்பை அணைத்துவிட்டு, பாதையோரம் நட்டிருக்கும் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது நீங்களே லேப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டாவது பலகையில் 11:40, நான்காவதில் 23:16, ஆறாவதில் 34:52, எட்டாவதில் 46:28. இந்த நான்கு எண்ணையும் கையில் எழுதிக்கொண்டு ஓடினால் போதும். இதே பேஸில் போனால் பத்தாவது பலகையில் 58:04 வரும். அந்த 4 வினாடியை உங்கள் கடைசி 400 மீட்டர் பாய்ச்சல் பார்த்துக்கொள்ளும்.